மாத்திரை போட்ட பிறகு குறட்டை குறைந்தது

ஜூன் 3, 2025, செவ்வாய் இரவு

இன்று தூக்க ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒருவர்தான். திருச்சிப் பக்கத்துக்காரர், லாரி புக்கிங் அலுவலகம் வைத்திருப்பவர், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். (இவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டர். இரண்டு ஆண்டுகளாக, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரசோலம் மாத்திரையை இரவில் போடுகிறார். 0.25 மில்லிகிராமில் தொடங்கியது இப்போது 1 மில்லிகிராமில் நிற்கிறது. நடுவில் ஏற்றியதெல்லாம் அவராகவே.

தலையில் பசை தடவி எலெக்ட்ரோடுகளை ஒட்டி, மார்புக்கும் வயிற்றுக்கும் பெல்ட் கட்டி, மூக்கடியில் காற்றோட்டக் குழாயும் விரலில் ஆக்சிமீட்டரும் மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வழக்கமாகப் போடும் மாத்திரைகளைச் சோதனை இரவிலும் போட வேண்டும் என்பது எங்கள் மருத்துவரின் விதி. தினமும் எப்படித் தூங்குகிறாரோ அதைத்தானே பார்க்க வேண்டும்? ஆனால் இவர், “மாத்திரை இல்லாமல் வந்தால்தான் ரிப்போர்ட் சுத்தமாக வரும் என்று நினைத்தேன் தம்பி. பையில் இருக்கிறது, போடவில்லை” என்றார். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். படுக்கட்டும், தூக்கமே பிடிக்கவில்லை என்றால் வழக்கமான அளவைப் போடட்டும், கண்ணை எடுக்காமல் பார் என்றார்.

11 மணிக்குக் கண் அயர்ந்தார். ஒரு மணி வரை விட்டு விட்டுத் தூக்கம். 1.20க்கு எழுந்து உட்கார்ந்து மாத்திரையைக் கேட்டார். போட்டுக்கொண்டார்.

ஒரே இரவில், ஒரே மனிதரிடம், மாத்திரைக்கு முன்னும் பின்னும் பதிவு கிடைப்பது அபூர்வம். திட்டமிட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

ஜூன் 4, புதன்

பகலில் தூங்கி எழுந்து, பதிவை முப்பது முப்பது விநாடிப் பக்கங்களாகப் புரட்டினேன்.

முதலில் அடிப்படை. தூங்கும்போது நாக்கையும் தொண்டையையும் விறைப்பாகப் பிடித்திருக்கும் தசைகள் தளர்கின்றன. மூச்சுப் பாதை ஏற்கெனவே குறுகலாக இருப்பவர்களுக்கு அது உள்ளே ஒட்டிக்கொள்கிறது. இளநீர்க் கடையில் தரும் காகித ஸ்ட்ரா ஊறிப்போனதும் உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்ளுமே, ஏறக்குறைய அதே கதை. மார்பும் வயிறும் இழுத்துப் போராடும், மூக்கில் காற்று இருக்காது. பத்து விநாடிக்குக் குறையாமல் இப்படி நின்றால் அதை ஒரு மூச்சுத் தடை என்று குறிக்கிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, கார்பன் டை ஆக்சைடு ஏறி, மூச்சிழுக்கும் முயற்சி ஓர் எல்லையைத் தொட்டதும் மூளை சில விநாடிகள் விழிக்கிறது. தசை இறுகும், பாதை திறக்கும், பெரிய குறட்டையோடு காற்று உள்ளே போகும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் இந்த விழிப்புகளில் ஒன்றுகூட அவருக்கு நினைவிருக்காது. ‘ராத்திரி சரியாகத் தூக்கமில்லை’ என்பது மட்டும் நினைவிருக்கும். அதைச் சொல்லித்தான் தூக்க மாத்திரை வாங்குகிறார்கள்.

இனி நேற்றைய கணக்கு. கனவுத் தூக்கத்தில் பெரும்பாலோருக்குத் தடை மோசமாகும் என்பதால் அதைத் தனியே ஒதுக்கிவிட்டேன். மல்லாந்து படுத்திருந்த சாதாரணத் தூக்கத்தை மட்டும் இருபுறமும் எடுத்துக்கொண்டேன்.

மாத்திரைக்கு முன்: மணிக்கு 48 தடைகள், ஒவ்வொன்றும் சராசரியாக 22 விநாடி. ஆக்சிஜன் 87 சதவீதம் வரை இறங்கி, மூச்சு வந்ததும் 95க்குத் திரும்பியது.

மாத்திரைக்குப் பின், இரண்டு மணியிலிருந்து: மணிக்கு 38 தடைகள். சராசரி 41 விநாடி. ஆக்சிஜன் 78 வரை இறங்கியது. திரும்பும்போதும் 91, 92ஐத் தாண்டவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ‘48 எங்கே, 38 எங்கே, மாத்திரை நல்லதுதானே செய்திருக்கிறது’ என்பார். பெருக்கிப் பார்க்க வேண்டும். முன்பு ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்ற நேரம் ஏறக்குறைய பதினேழரை நிமிடம். பின்பு இருபத்தாறு நிமிடம். தடைகள் குறைந்ததற்குக் காரணம் ஒவ்வொன்றும் நீண்டதுதான். நீண்ட தடைகள் ஒரு மணி நேரத்துக்குள் அதிகம் அடங்காது, அவ்வளவே. மணிக்கு 30க்கு மேல் இருந்தால் தீவிரம் என்கிற வழக்கமான அளவுகோலில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும். அந்த ஓர் எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் ரிப்போர்ட்டுகள் மீது எனக்குள்ள எரிச்சல் இன்று நேற்று வந்ததில்லை.

மருந்தின் தடத்தை மூளை அலையிலேயே பார்க்க முடிந்தது. 1.50 வாக்கில் சிறிய, வேகமான அலைகள் கோட்டின் மேல் படர்ந்தன. அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் வகை மாத்திரைகள் போட்டவர்களிடம் இது பழகிய காட்சி. அதற்குப் பிறகு மூளை விழிப்பதற்கு எடுத்த நேரம் கூடிக்கொண்டே போனது. இந்த வகை மருந்து தசையைத் தளர்த்தும், ஆக்சிஜன் இறங்கினாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் மூளையிலுள்ள மூச்சு மையம் காட்டும் வேகத்தை மட்டுப்படுத்தும், விழிப்பையும் தள்ளிப்போடும். பாதை அடைபடாதவருக்கு இதனால் தூக்கம் மட்டும் வரும். இவருக்கோ மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தது அந்த விழிப்புதான்.

4.20க்குக் கனவுத் தூக்கத்தில் நுழைந்தார். ஒரு தடை 74 விநாடி நீடித்தது, ஆக்சிஜன் 66. பெல்ட்டுகள் இரண்டும் எதிரெதிராக அசைந்துகொண்டிருந்தன, மூக்குக் குழாயின் கோடு தட்டையாகக் கிடந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன். பணி மருத்துவரை அழைத்து, முகமூடி வழியே காற்றைச் செலுத்திப் பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவியை மாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜூன் 7, சனி

ஆலோசனைக்கு மனைவியோடு வந்திருந்தார். நானும் அறையில் இருந்தேன்.

“மாத்திரை ஆரம்பித்த பிறகு குறட்டை குறைந்துவிட்டது டாக்டர். நடுநடுவே சத்தமே இருக்காது. நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன்” என்றார் அந்த அம்மா. மருத்துவர் திரையை அவர் பக்கம் திருப்பி, தட்டையான கோட்டைக் காட்டி, “சத்தம் இல்லாத நேரம் இதுதான்” என்றார். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

வாரக் கடைசியில் மதுவும் உண்டு என்பது அதற்குப் பிறகே வெளியே வந்தது. மாத்திரையும் மதுவும் ஒரே இரவில் சேர்ந்தால் மூச்சு மையம் இன்னும் மந்தமாகும். மருத்துவர் மதுவுக்கு மட்டும் உடனடித் தடை போட்டார். முதுகுவலிக்கு டிரமடால் போன்ற ஓபியாய்டு மாத்திரை ஏதும் எடுக்கிறாரா என்றும் கேட்டார். இல்லையாம். இந்த வகைத் தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் சேர்வது பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2016லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட வைத்தது.

‘அப்படியானால் இன்றே நிறுத்திவிடுகிறேன்’ என்று அவர் எழுந்தார். அதுவும் ஆபத்து. ஆண்டுக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், அடியோடு தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். முதலில் காற்றழுத்தக் கருவி, அது பழகியதும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவானது. அதுவரை பக்கவாட்டில் படுக்க வேண்டும், அளவை ஒரு துளியும் ஏற்றக்கூடாது.

ஜூன் 12, வியாழன் இரவு

கருவியின் அழுத்தத்தைக் கண்டறியும் இரவு. தண்ணீர் சென்டிமீட்டர் கணக்கில் 4இல் தொடங்கி மெல்ல ஏற்றினேன். 8இல் குறட்டை போனது. மல்லாந்த நிலையில், கனவுத் தூக்கத்தில், 11இல் பாதை முழுதும் திறந்தது. வழக்கமான மாத்திரையைப் போட்டிருந்தார், ஆனாலும் ஆக்சிஜன் 93க்குக் கீழே போகவில்லை. காற்று உள்ளிருந்து தாங்கிப் பிடித்திருக்கும்போது தசை தளர்ந்தாலும் பாதை ஒட்டுவதில்லை.

சிறுநீர் கழிக்க ஒருமுறைகூட எழவில்லை. அடைபட்ட பாதைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இரவில் சிறுநீருக்காக எழுவதற்குக் காரணம் தேடி இவர் இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை, புராஸ்டேட் என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

மூக்குப் பாலத்தில் முகமூடி உரசிச் சிவந்திருக்கிறது. சிறிய அளவு கொடுத்தேன். கருவியின் நினைவு அட்டையில் மூன்றரை மணிக்குப் பிறகு பல நாட்கள் வெறுமை. தூக்கத்திலேயே கழற்றிவிடுகிறார். இது அசட்டையாக விடக்கூடிய விஷயமில்லை. அல்பிரசோலத்தில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய பதினொரு மணி நேரம் ஆகும். கருவி இல்லாத அந்த விடியற்காலையில் மருந்து உள்ளே இருக்கிறது, கனவுத் தூக்கமும் அப்போதுதான் அதிகம். மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், கழன்றிருந்தால் எழுப்பி மாட்டிவிடச் சொல்லி.

ஜூலை 8, செவ்வாய்

ஓர் அம்மையார் தொலைபேசியில்: “எனக்கும் மூச்சுத் தடை இருக்கிறது. அல்பிரசோலம் வேண்டாம் என்றால் சோல்பிடெம் போடலாமா? அது புதிய வகையாமே?”

இதற்கு நேர்க்கோட்டில் பதில் கிடையாது. சோல்பிடெம், சோபிக்ளோன் வகைகள் தொண்டைத் தசையைப் பழைய வகை அளவுக்குத் தளர்த்துவதில்லை. மிகச் சிறிய தொந்தரவுக்கே விழித்துவிடுகிற சில நோயாளிகளுக்கு அதே வகையைச் சேர்ந்த எஸோபிக்ளோன் தடைகளைக் குறைத்ததாக 2011இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. தூக்கம் நீடித்தால் தசைகள் சேர்ந்து வேலை செய்ய நேரம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் சோபிக்ளோனை ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தபோது நோயின் தீவிரம் குறையவில்லை. யாருக்குப் பொருந்தும் என்பதை மூளை அலையோடு கூடிய பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏற்கெனவே ஆக்சிஜன் ஆழமாக இறங்குபவர், கூடவே நுரையீரல் நோய் உள்ளவர் என்றால் விஷயமே வேறு. பதிவை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள் என்றும் சேர்த்தேன். அல்பிரசோலமும் சோல்பிடெமும் நம் நாட்டு மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். லாரிக்காரர் இரண்டு ஆண்டுகள் எந்தச் சீட்டில் வாங்கினார் என்று கேட்டால் சிரிக்கிறார்.

ஜூலை 22, செவ்வாய்

நினைவு அட்டை: சராசரி ஆறு மணி நேரம் பத்து நிமிடம், மீதமுள்ள தடைகள் மணிக்கு 3. மாத்திரை 0.5இல் நிற்கிறது. கடைசிப் பகுதியைக் குறைக்கும்போதுதான் தூக்கம் அதிகம் கலையும் என்பதால் மருத்துவர் அவசரப்படவில்லை. படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தைக் குறைக்க, தினமும் 11 மணிக்கு முன் படுக்கக்கூடாது, 5.30க்கு எழுந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பகல் தூக்கம் கிடையாது.

இப்போது புதிதாக ஒன்று: அடுத்த மாதம் குடலிறக்க அறுவைச் சிகிச்சையாம், வேறு மருத்துவமனையில். முந்தைய இரவு பதற்றம் தணிய மாத்திரை கொடுப்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். மூச்சுத் தடை இருப்பதையும், அல்பிரசோலம் எந்த அளவில் போகிறது என்பதையும், அழுத்தம் 11 என்பதையும் ஒரே தாளில் எழுதி, மயக்க மருத்துவர் கையில் நேரடியாகக் கொடுக்கச் சொன்னேன். கருவியையும் முகமூடியையும் பையில் எடுத்துப்போக வேண்டும், அறுவைக்குப் பிறகு வார்டில் தூங்கும்போது மாட்ட வேண்டும். தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.