கால் முறிந்த பிள்ளைக்கு விளையாட்டு விலக்குக் கடிதம்: "கட்டு பிரிக்கும் வரை" என்று எழுதினால் போதாது

கால் எலும்பு முறிந்த பிள்ளைக்காகப் பள்ளிக்குக் கொடுக்கிற கடிதம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். "காலில் கட்டு போட்டிருப்பதால் கட்டு பிரிக்கும் வரை விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கவும்." இந்த வருடம் என் மகனுக்காக இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்தது. அந்த ஒரு வரியில் சொல்லாமல் விடப்படுகிற விஷயங்கள்தான் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுகிறவை என்பதை இந்தச் சில மாதங்களில் நன்றாகவே பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மகன் 5ஆம் வகுப்பு. சைக்கிளிலிருந்து விழுந்ததில் கால் முறுக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பில் விரிசல். எலும்பு இடம் விலகவில்லை, அதனால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. தொடையிலிருந்து பாதம் வரை, முழங்காலை லேசாக மடக்கிய நிலையில் மாவுக்கட்டு போட்டார்கள். சுமார் 4 வாரம் கழித்து எக்ஸ்ரே, சரியாக இருந்தால் முழங்காலுக்குக் கீழே சின்னக் கட்டு, மொத்தத்தில் 6 முதல் 8 வாரம் ஆகும் என்றார் மருத்துவர்.

கையில் கொடுத்த சீட்டில் "எலும்பு முறிவு, 6 வாரம் ஓய்வு" என்று மட்டும் இருந்தது. இதை வைத்துப் பள்ளியில் என்ன செய்வார்கள்? ஓய்வு என்றால் வீட்டில் இருக்கச் சொல்வதா, பள்ளிக்கு வந்து உட்கார்ந்திருக்கச் சொல்வதா? அந்தச் சீட்டை அப்படியே கடிதத்தோடு இணைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மறுபடி போய், பள்ளிக்கு என்று தனியாக ஒரு சான்று வேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்குப் போகலாமா, கால் ஊன்றலாமா, படி ஏறலாமா, எவ்வளவு நேரம் நிற்கலாம், விளையாட எப்போது விடலாம் என்று வரிசையாகக் கேட்க, அவரும் பொறுமையாகச் சொல்லி, சான்றில் எழுதியும் கொடுத்தார்.

விளையாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் முக்கியமான விஷயம் வந்தது. கட்டு பிரித்த மறுநாளே ஓடக்கூடாது, அதற்குப் பிறகும் இன்னும் 4 முதல் 6 வாரம் விளையாட்டு கிடையாது என்றார். முறிந்த இடத்தில் புது எலும்பு ஒரு முடிச்சு மாதிரி திரண்டு வரும், எக்ஸ்ரேயில் அது தெரிந்தால் கட்டைப் பிரித்துவிடுவார்கள், ஆனால் அதற்கு முழு பலம் வந்திருக்காது. வாரக்கணக்கில் அசையாமல் இருந்ததால் முழங்காலும் கணுக்காலும் இறுகியிருக்கும், ஆடுசதை இளைத்திருக்கும். அந்தக் காலோடு ஓடித் திரும்பும்போது தடுமாறி விழுந்தால் அதே இடத்தில் மறுபடி முறிய வாய்ப்பு உண்டு. சரி, அப்படியென்றால் கடிதத்தில் "கட்டு பிரிக்கும் வரை" என்று எழுதினால், பிள்ளைக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுகிற சமயத்தில் விலக்கு முடிந்துபோய்விடும் அல்லவா! அதனால் கடிதத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து எழுதினேன்.

நான் கொடுத்த கடிதம், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு:

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள்
நகல்: வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர்

பொருள்: கால் எலும்பு முறிவு காரணமாக விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

5ஆம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு வலது கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போடப்பட்டுள்ளது. மருத்துவர் பள்ளிக்குச் செல்ல அனுமதித்துள்ளார். ஊன்றுகோலுடன் நடப்பான், வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது.

கட்டு இருக்கும் காலம் முழுவதும் விளையாட்டு வகுப்பு, காலை வணக்கக் கூட்டத்தில் நிற்பது, அணிவகுப்பு மற்றும் விளையாட்டு விழாப் பயிற்சி ஆகியவற்றிலிருந்து விலக்கு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கட்டு பிரித்த பிறகும், விளையாடலாம் என்று மருத்துவர் எழுத்தில் தரும் வரை ஓடுதல், குதித்தல், பந்து விளையாட்டுகள் வேண்டாம். இதற்குக் கூடுதலாக 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் நிலவரத்தை எழுதித் தருகிறேன்.

விளையாட்டு நேரத்தில் அவனை வகுப்பறையில் தனியாக விடாமல், புள்ளிகள் குறிப்பது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கொடுத்தால் மகிழ்வோம். உடற்கல்வி மதிப்பெண்ணுக்கு எழுத்து வேலை தர இயலுமானால் செய்து தருவான்.

வகுப்பில் காலைத் தூக்கி வைக்க இன்னொரு நாற்காலி தேவை. கட்டு நனையக் கூடாது, அரிப்பு எடுத்தாலும் உள்ளே ஸ்கேல், பென்சில் எதுவும் விடக் கூடாது. கால்விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ மாறினால், சில்லிட்டால், மரத்துப் போனதாகச் சொன்னால், அல்லது வலி கூடிக்கொண்டே போனால் உடனே எங்களை அழைக்கவும்.

மருத்துவரின் சான்று இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
(பெயர், கையொப்பம், இரண்டு தொலைபேசி எண்கள்)

விலக்குக் கடிதத்துக்கு இது நீளம் என்று தோன்றலாம், ஆனால் இதில் ஒரு வரியைக்கூட நான் எடுக்க மாட்டேன். விளையாட்டு விழாப் பயிற்சியைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம், அது பெரும்பாலும் விளையாட்டுப் பீரியடில் நடக்காது. கணக்கு வகுப்பிலிருந்தோ கடைசிப் பீரியடிலிருந்தோ பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போவார்கள், அப்போது கூட இருப்பவர் வேறு ஆசிரியராக இருப்பார். விளையாட்டு வகுப்புக்கு மட்டும் விலக்கு கேட்டிருந்தால் இது அதில் சேராது.

கடிதம் கொடுத்த அன்று சாயங்காலமே பி.டி. சார் போன் செய்தார். மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கட்டுமா என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார், ஆனால் மேடு பள்ளமான தரையில் ஊன்றுகோல் வழுக்கும், பந்து வந்து காலில் படலாம், திடீரென்று மழை வந்தால் அவனால் ஓடி ஒதுங்க முடியாது. இதைச் சொன்னதும் புரிந்துகொண்டு, மைதானத்தை ஒட்டிய வராந்தாவில் உட்கார வைத்து, கையில் நோட்டும் விசிலும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வகுப்புக்கு ஸ்கோர் எழுதுகிறவன் அவன்தான். பந்து என்றால் உயிரை விடுகிற பையன், எல்லாரும் கிளம்பிப் போன வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தால் எவ்வளவு சோர்ந்து போயிருப்பான் என்று நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை. பி.டி. சாருக்கு இதற்காக இன்னும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

விரல்களைப் பற்றி எழுதியதும் வீண்போகவில்லை. முதல் வாரத்தில் ஒரு மதியம் வகுப்பாசிரியர் அழைத்து, விரல்கள் உப்பியிருக்கின்றன என்றார். நிறம் மாறியிருக்கிறதா, அசைக்கிறானா, தொட்டால் தெரிகிறதா என்று கேட்டேன். நிறம் சரியாக இருந்தது, விரல்களை அசைத்தான், தொடுவதும் தெரிந்தது. காலையிலிருந்தே காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருக்கிறான், நாற்காலியை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். காலை உயர்த்தி வைக்கச் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் வீக்கம் வடிந்தது. அப்படி வடியாமல் இருந்தாலோ, விரலை நீட்டும்போது வலியில் துடித்தாலோ கட்டு இறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம், அதற்கு வீட்டுக்கு வரும் வரை காத்திருக்கக் கூடாது, நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இது மருத்துவர் எங்களிடம் முதல் நாளே அழுத்திச் சொன்னது.

பெரிய கட்டு, சின்னக் கட்டு எல்லாம் முடிந்து கால் வெளியே வந்தபோது, ஆடுசதை பாதியாகிவிட்டது போல இருந்தது, தோல் செதில் செதிலாக உரிந்தது, நடை ஒரு பக்கமாக இழுத்தது. இதெல்லாம் சாதாரணம், தானாகச் சரியாகும் என்றார் மருத்துவர். ஆனால் பேன்ட்டுக்குள் இருக்கிற காலை யார் பார்க்கிறார்கள்? கட்டு இல்லை என்றால் பிள்ளை குணமாகிவிட்டான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், முக்கியமாக அவனே அப்படித்தான் நினைப்பான். ஒரு நாள் பி.டி. சார் வராததால் வேறொரு ஆசிரியர் விளையாட்டு வகுப்பை எடுத்தார். எல்லாரையும் மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொல்ல, இவனும் ஆசையாக வரிசையில் நின்றுவிட்டான். வகுப்பாசிரியர் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டோடு வைத்திருந்த கடிதத்தின் நகலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "கட்டு பிரித்த பிறகும்" என்ற வரி அதில் இருந்ததால்தான் அன்று நிறுத்த முடிந்தது. நகல் வகுப்பாசிரியரிடமும் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான், தலைமையாசிரியர் அறையில் கோப்புக்குள் இருக்கிற கடிதம் மைதானத்துக்கு வந்து சேராது.

கட்டு பிரித்த பிறகு ஒரு சின்னக் கடிதம் கொடுத்தேன். நடக்கலாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறலாம், ஓட்டமும் பந்தும் இன்னும் கூடாது, அடுத்த பரிசோதனை எப்போது, அவ்வளவுதான். வீட்டில் மருத்துவர் சொல்லிக்கொடுத்த கணுக்கால் பயிற்சியும் முழங்கால் மடக்கி நீட்டுவதும் நடந்தன. அடுத்த பரிசோதனையில் அவர் வெறும் எக்ஸ்ரேயை மட்டும் பார்க்கவில்லை. இழுக்காமல் நடக்கிறானா, முறிந்த காலில் மட்டும் நிற்க முடிகிறதா, அதே காலில் வலியில்லாமல் நொண்டி அடிக்கிறானா என்று செய்ய வைத்துப் பார்த்தார். நிற்பது வந்தது, நொண்டி அடிக்கும்போது முகம் சுளித்தான். முதலில் மெதுவான ஓட்டம் மட்டும், ஒருவரோடு ஒருவர் மோதுகிற விளையாட்டு இன்னும் சில வாரம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே பள்ளிக்கு அனுப்பினேன், பி.டி. சாரும் அதன்படியே விட்டார்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது, விலக்கை முடித்துவைக்கிற கடிதம். அது கைக்கு வராமல் எந்த ஆசிரியரும் பிள்ளையை அணியில் சேர்க்கத் தயங்குவார், தயங்குவதும் நியாயம்தான். "என் மகன் இன்று முதல் எல்லா விளையாட்டுகளிலும் கலந்துகொள்ளலாம் என்று மருத்துவர் அனுமதித்துள்ளார், சான்று இணைத்துள்ளேன், முன்பு கேட்ட விலக்கை நீக்கிவிடவும். காலில் வலி என்று சொன்னால் மட்டும் உட்கார வைத்து எங்களுக்குத் தெரிவிக்கவும்." இதைத் தலைமையாசிரியருக்கு ஒன்று, வகுப்பாசிரியருக்கு ஒன்று, பி.டி. சாருக்கு ஒன்று என்று மூன்று நகல் எடுத்தேன். பி.டி. சாருக்கானதை மகனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.