பழைய அட்மினை நீக்கிய பிறகும் காலையில் ஒரு பதிவு வந்தது

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு பேஸ்புக் பக்கம் உண்டு. அதைத் தொடங்கியபோது எனக்கும், என் பேட்ச் தோழி ஒருவருக்கும், எங்களைவிட மூன்று வருடம் ஜூனியரான ஒரு தம்பிக்கும் முழு அதிகாரம் கொடுத்து வைத்தோம். தம்பிதான் படம் எடுப்பார், போஸ்டர் செய்வார், பதிவு போடுவார். பிறகு சங்கப் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். பக்கத்தின் அதிகாரத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டைக் காலி செய்தவரிடம் சாவியைக் கேட்காமல் விட்ட கதைதான்.

விலகி இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் இரவு, பக்கத்தில் ஒரு முதலீட்டுத் திட்ட விளம்பரம். மாதா மாதம் இவ்வளவு வரும், விவரத்துக்கு இன்பாக்ஸில் வாருங்கள் என்று. சங்கத்தின் பெயரும் முத்திரையும் மேலே இருப்பதால், பார்ப்பவர்களுக்கு அது சங்கம் சொல்வதாகவே தெரியும். என் முதல் வேலை, பதறிப்போய் அந்தப் பதிவை நீக்கியது. அது தப்பு. அரை மணி நேரத்தில் அதே விளம்பரம் வேறு படத்தோடு மறுபடி வந்துவிட்டது.

தோழிக்கு போன் செய்தேன். அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை நிதானப்படுத்தியது: "அவனுக்கும் நமக்கும் அங்கே ஒரே அதிகாரம். நாம அவனை எடுக்கலாம்னா, அவனும் நம்மை எடுக்கலாம்." உண்மைதான். முழு அதிகாரம் உள்ளவர்களில் மூத்தவர், தொடங்கியவர் என்ற வேறுபாடே கிடையாது. யார் முந்துகிறாரோ அவர் கையில்தான் பக்கம். அதனால் பதிவுகளைத் தொடாமல், முதலில் ஆளை எடுக்க முடிவு செய்தோம். அவரிடம் பேசுவதெல்லாம் அப்புறம்.

பக்கத்துக்கு மாறி Settings, அதற்குள் Page setup, அதற்குள் Page access. அங்கே எங்கள் மூன்று பேரின் பெயரும் இருந்தன. பக்கத்தில் மாற்றம் செய்ய முடிகிறவர்கள் இரண்டு வகை. பேஸ்புக்குக்குள்ளேயே பக்கமாக மாறி வேலை செய்யக்கூடியவர்கள் ஒரு வகை. பதிவு, செய்தி, விளம்பரம் என்று குறிப்பிட்ட வேலையை மட்டும் வேறு கருவிகள் வழியாகச் செய்யக்கூடியவர்கள் இன்னொரு வகை. தம்பி முதல் வகை, முழு அதிகாரத்தோடு. பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, அதிகாரத்தை நீக்கு என்று கொடுத்தேன். என் கடவுச்சொல்லைக் கேட்டது. போட்டேன். பெயர் போய்விட்டது. மொத்தம் இரண்டு நிமிட வேலை.

முடிந்தது என்று தூங்கப் போனேன். காலை ஒன்பது மணிக்கு அதே திட்டத்தின் மூன்றாவது விளம்பரம் வந்து நின்றது.

வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் இன்னும் எங்கோ உள்ளே இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அது அவர் முன்பே நேரம் குறித்து வைத்த பதிவு. பதிவு பக்கத்தின் பெயரில் இருப்பதால், குறித்து வைத்தவரை வெளியேற்றினாலும் அது வரிசையிலேயே நிற்கும், நேரம் வந்ததும் வெளியாகும். Meta Business Suite-இல் Scheduled என்ற இடத்தைத் திறந்தேன். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஐந்து பதிவுகள், எல்லாம் காலை ஒன்பது மணிக்கு, வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஐந்தையும் அங்கேயே நீக்கினேன்.

இரண்டாவது விஷயம்தான் உண்மையில் பயமுறுத்தியது. முன்பு ஒரு விழாவுக்கு விளம்பரம் செய்ய, சங்கத்தின் பெயரில் ஒரு பிசினஸ் கணக்கு தொடங்கியிருந்தோம். பக்கம் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கின் அமைப்புகளில் People என்ற பட்டியலில் தம்பியின் பெயர் முழு அதிகாரத்தோடு அப்படியே இருந்தது. பக்கத்தின் பட்டியலில் பெயரை எடுத்தாலும், இந்த வழியாக அவர் தனக்குப் பக்கத்தை மறுபடி ஒதுக்கிக்கொள்ள முடியும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருந்தோம். அங்கேயும் நீக்கினேன். நானும் தோழியும் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுக்கொண்டோம்.

ஆள் வெளியே போன பிறகுதான் பதிவுகளுக்கு வந்தேன். நீக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு விளம்பரத்தையும் தேதியும் கீழே உள்ள பின்னூட்டங்களும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பையும் எழுதி வைத்தேன். நாளைக்கு யாராவது பணம் கட்டிவிட்டேன் என்று வந்தால், எங்களிடம் ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கக் கூடாது அல்லவா.

எது அவர் போட்டது என்று பிரிப்பது சிரமம். வெளியே எல்லாப் பதிவும் பக்கத்தின் பெயரில்தான் தெரியும். உள்ளே இருக்கும் எங்களுக்குச் சில பதிவுகளில் Published by என்று பெயர் காட்டியது. காட்டாதவற்றைத் தேதியும் விஷயமும் வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பின்னோக்கிப் போகப் போக, ஆறு மாதத்துக்கு முன்பே இரண்டு சின்ன விளம்பரம் போட்டிருப்பது தெரிந்தது. அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றாகக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினேன்.

குப்பைத்தொட்டி என்றால் உடனே அழிவதில்லை. 30 நாள் அங்கே இருக்கும், அதற்குள் பக்கத்தின் நிர்வாகி நினைத்தால் மீட்டுவிடலாம். ஆளை எடுக்காமல் பதிவை மட்டும் எடுத்திருந்தால், அவர் புதிதாகப் போடக்கூட வேண்டாம், பழையதையே திரும்ப எடுத்திருப்பார். இப்போது அந்த 30 நாள் எங்களுக்கு வசதியாகிவிட்டது. அவசரப்பட்டு உடனே அழிக்காமல், தானாகப் போகட்டும் என்று விட்டேன்.

பதிவு போனதோடு எல்லாம் போய்விடாது. எங்கள் பதிவை அப்படியே பகிர்ந்தவர்களிடம் அது இனி தெரியாது. ஆனால் படத்தைச் சேமித்துத் தங்கள் பக்கத்தில் தனியாக ஏற்றிய இரண்டு பேரிடம் நேரில் சொல்லித்தான் எடுக்கவைத்தேன். இன்பாக்ஸ் இன்னும் மோசம். விசாரித்தவர்களுக்குத் தம்பி பக்கத்தின் பெயரிலேயே பதில் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் உரையாடலை நீக்கினாலும், அவர்கள் பெட்டியில் அது இருக்கத்தான் செய்யும். ஆகவே அதை நீக்கவில்லை. அந்த விளம்பரங்களுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான்கு வரியில் ஓர் அறிவிப்பு எழுதி, பக்கத்தின் உச்சியில் பொருத்தி வைத்தேன். About பகுதியில் தொடர்பு எண்ணாக இரண்டு வருடமாக அவருடைய எண்தான் இருந்தது என்பதை, எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தோழிதான் கண்டுபிடித்தார்.

பத்தாவது நாள் தம்பியிடமிருந்து போன் வந்தது. சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். "அண்ணா, நான் எடுத்த ரீயூனியன் படங்களையும் தூக்கிட்டீங்களா?" என்றார். இல்லை, விளம்பரத்தை மட்டும்தான் எடுத்தேன், படம் எல்லாம் அப்படியே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிண்ணா" என்று வைத்துவிட்டார்.