இடது காலோட இடது கை

நேத்து டிரில்ல எனக்கு முன்னாடி நின்ன பையனுக்கு இடது காலோட இடது கையும் சேந்தே போகுது. இன்ஸ்ட்ரக்டர் காதுகிட்ட வந்து கத்தக் கத்த இன்னும் மோசமாச்சு, நடக்கறத யோசிச்சு நடந்தாலே உடம்பு குழம்பிடும்ல, முதல் வாரம் நிறைய பேருக்கு வர்றதுதான் இது.

மொத்த ஸ்குவாடுக்கும் புஷ்-அப். எல்லாரும் அவன முறைச்சாங்க.

ராத்திரி பூட்ஸ கூட கழட்டாம கட்டில்ல உக்காந்திருந்தான். வீட்டுக்கே போயிடலாமாடான்னு கேட்டான்.

வராண்டாவுக்கு இழுத்துட்டு போனேன். கைய ஆட்டாத, தொடையோட ஒட்டி வெச்சுக்கோ, ஏதாவது பேசிட்டே நடன்னேன். அவங்க அக்கா கல்யாணத்துல நடந்த சண்டைய சொல்லிட்டே நடந்தான், நடுவுல கைய லூசா விடுன்னேன்.

எதிர் கை தானா வந்துச்சு! அவனுக்கே தெரியல, கதைய நிறுத்தல.

அப்புறம் என் குதிகால் கொப்புளத்த பாத்து திட்டினான். உள்ள மெல்லிசு சாக்ஸ், மேல தடியா ஒண்ணு போடு, உரசல் ரெண்டு சாக்ஸுக்கு நடுவுலயே போயிடும், தோலுக்கு வராதுன்னு அவனோட ஜோடி ஒண்ண தூக்கிப் போட்டான்.

சண்டைல யார் ஜெயிச்சாங்கன்னு இன்னும் சொல்லல. எங்க ஃபோன திரும்ப வாங்கிக்க வர்றாங்க, மீதி அடுத்த வாரம்.