ஆரஞ்சு மூடி

ஜூன் 3
இன்று வார்டில் என் பொறுப்பில் 11 பெட். மதியச் சாப்பாடு நாலரைக்கு.

ஜூன் 6
லேபுக்கு எந்த ரத்தத்தை எந்த நிறக் குழாயில் அனுப்புவது என்று மூன்றாம் தடவையாகக் கேட்டேன். சீனியர் நர்ஸ் அக்கா சொன்னார், முகம் சுளிக்கவில்லை. ஆனால் பெருமூச்சு விட்டார். ராத்திரி முழுக்க அந்தப் பெருமூச்சுதான் காதில்.

ஜூன் 9
இன்சுலின் சிரிஞ்ச் புதுப் பெட்டி வந்திருக்கிறது. மூடி ஆரஞ்சு. காலேஜில் நாங்கள் பிடித்ததெல்லாம் சிவப்பு மூடி. கம்பெனி மாறியிருக்கும்.

ஜூன் 11
7-ஆம் பெட் தாத்தாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் 16 யூனிட். போட்டும் சர்க்கரை 286. மூடி நிறம் மறுபடி உறுத்தியது. கேட்கலாம் என்று ஸ்டேஷன் வரை போனேன். அங்கே மூன்று பேர் ரவுண்ட்ஸுக்கு ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா?" "ஒண்ணுமில்லக்கா."

ஜூன் 12
காலையில் 301. டாக்டர் 20 யூனிட்டாக ஏற்றிவிட்டார். தாத்தா வெளியிலிருந்து ஏதோ வாங்கிச் சாப்பிடுகிறார் என்று எல்லோரும் அவரைத்தான் பிடித்தார்கள். "இல்லம்மா, சத்தியமா" என்றார் என்னிடம்.

ஜூன் 14
எழுதிவிட்டால் தூக்கம் வருமா தெரியவில்லை.

காலையில் ட்ரேயில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒன்று கிடந்தது. அதில் 20 இழுத்துப் போட்டேன். தாத்தா ஒன்றரை இட்லியோடு நிறுத்திக்கொண்டார். பத்தரைக்கு மகள் ஓடி வந்தார்: "அப்பாவுக்கு வேர்த்து ஊத்துதும்மா." கை ஜில்லென்று இருந்தது, விரல் நடுக்கம். குத்திப் பார்த்தால் 52. நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. அக்கா 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். 15 நிமிடம் கழித்து 81. பிறகு பிஸ்கட், பால். டாக்டர் வந்து பார்த்தார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் இன்சுலின் குப்பியைத் திருப்பிப் படித்தேன். ஒரு மில்லிக்கு 40 யூனிட். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 16 கோடு வரை இழுத்தால் 0.16 மில்லி. இந்தக் குப்பியிலிருந்து அது 6.4 யூனிட்தான். 20 என்று இழுத்தது 8. ஐந்து நாளாகத் தாத்தாவுக்குப் பாதி கூடப் போகவில்லை. அது தெரியாமல் அளவை ஏற்றினார்கள். இன்று சரியான சிரிஞ்சில் முழு 20-ம் போயிருக்கிறது.

9-ஆம் தேதியே என் கண்ணில் பட்டது.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் குப்பியையும் இரண்டு சிரிஞ்சையும் எடுத்துப் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் முதலில் செய்தது, வார்டில் இன்சுலின் போடுகிற எல்லோருடைய சர்க்கரையையும் பார்க்கச் சொன்னதும் டாக்டருக்குப் போன் போட்டதும். ஆரஞ்சுப் பெட்டி ஸ்டோருக்குத் திரும்பியது. சம்பவப் படிவத்தில் நானே எழுதினேன்.

ஜூன் 15
அம்மா போனில் "வேலை பிடிச்சிருக்கா?" நல்லா இருக்கும்மா.

ஜூன் 17
தாத்தா இன்று 164. மறுபடி 16 யூனிட்டுக்கே இறக்கிவிட்டார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று அவரை நம்பாததற்கும் சேர்த்து.

ஜூன் 19
அக்கா டீ குடிக்கும்போது சொன்னார்: "சந்தேகம் வந்தா ஊசியை ட்ரேல வச்சிரு. கைல வச்சுக்கிட்டு யோசிச்சா கை தானாப் போட்டுரும்." அப்புறம், "குழப்பமா இருக்குக்கான்னு வந்து நிக்காத. குப்பியையும் ஊசியையும் காட்டி, இதுல 40, இதுல 100, சேருமான்னு கேளு. ரெண்டு செகண்ட்ல பதில் சொல்லிருவேன்."

நான் 11-ஆம் தேதி கேட்காமல் திரும்பியதற்குக் காரணம் அதுதான். என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஏதோ சரியில்லை என்பது மட்டும்தான் இருந்தது. அதை அப்படியேயாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 21
என் கேள்விகளை இரண்டாகப் பிரித்துவிட்டேன். பெட்ஷீட் எங்கே, எந்தப் படிவம், எந்த நிறக் குழாய்: இவை பாக்கெட் நோட்டில், ஓய்வு நேரத்தில் மொத்தமாக ஒரே ஆளிடம். நோயாளி உடம்புக்குள் போகிற எதுவும் நோட்டில் ஏறக்கூடாது. அது அந்த நிமிடமே, யார் என்ன வேலையில் இருந்தாலும்.

ஜூன் 22
கேட்டது 4. பெருமூச்சு 1.

ஜூன் 25
இன்சுலின் இழுத்ததும் இன்னொருவர் குப்பி, சிரிஞ்ச், அளவு மூன்றையும் பார்த்த பிறகே போட வேண்டும் என்று வார்டில் ஒட்டிவிட்டார்கள். இன்று அக்கா தன் ஊசியை என்னிடம் நீட்டினார். "பாரும்மா." கை நடுங்காமல் வாங்கிப் பார்த்தேன்.

ஜூன் 28
நைட். 3-இல் புது அட்மிஷன். ராத்திரி போடுகிற இன்சுலினை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். குப்பியில் 100. ட்ரேயில் இருப்பதெல்லாம் சிவப்பு மூடி. அதில் 10 கோடு என்றால் 25 யூனிட் போய்விடும். கீழே வைத்துவிட்டேன். அக்கா பக்கத்து வார்டில், போகிறேன்