அங்கோலா கேள்விய மூணு தடவை மாத்தி எழுதின கதை

மெயின்ஸுக்கு வரலாறு ஆப்ஷனல் எடுத்திருக்கிற பசங்களுக்கு வாராவாரம் டெஸ்ட் பேப்பர் செட் பண்ணி திருத்திக் குடுக்கிற வேலை எனக்கு. போன வருஷம் பனிப்போர் பகுதி வந்தப்போ கொரியா, வியட்நாம்லாம் எல்லாரும் கரைச்சுக் குடிச்சிருப்பாங்க, அதனால வேற எதாவது எடுப்போம்னு, போர்ச்சுகலோட காலனியா இருந்த ஆப்பிரிக்க நாடு அங்கோலாவ எடுத்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

மொத தடவை கேட்டது இது: "அங்கோலா உள்நாட்டுப் போரைப் பனிப்போரின் பதிலிப் போராக விளக்குக." வல்லரசுங்க நேர்ல மோதிக்காம அடுத்தவங்கள வெச்சு நடத்துற சண்டைதான் பதிலிப் போர். 28 பேப்பர் வந்துச்சு, 28ம் ஒரே பேப்பர் மாதிரி இருந்துச்சு. 1974 ஏப்ரல்ல போர்ச்சுகல்ல ஆட்சிக் கவிழ்ப்பு, 1975 ஜனவரியில அங்கோலாவுக்கு சுதந்திரம் தர்றதுக்கான அல்வோர் ஒப்பந்தம், ஆட்சிக்கு மோதிக்கிட்ட மூணு இயக்கத்துல எம்பிஎல்ஏவுக்கு சோவியத்தும் கியூபாவும், எஃப்என்எல்ஏவுக்கு அமெரிக்காவும் பக்கத்து நாடு ஜயரும், யுனிடாவுக்கு தென்னாப்பிரிக்கா, நவம்பர் 11 சுதந்திரம், அப்படியே ஒரே தாவா தாவி கியூபப் படை கிளம்புறதுக்கான 1988 ஒப்பந்தம். ஒரு தப்பு கிடையாது. ஆனா மார்க் போட கை வரல.

ராத்திரி உக்காந்து பென்சிலால இணைப்புச் சொல்ல மட்டும் வட்டம் போட்டுப் பார்த்தேன். "அதன் பிறகு", "தொடர்ந்து", "இதனிடையே", இதுதான் பக்கம் பூரா. ஒரு பேப்பர்ல இந்த மாதிரி 11 இருந்துச்சு, "ஏனென்றால்" ஒண்ணு கூட இல்ல. மொதல்ல பசங்க மேல கோவம் வந்துச்சு, அப்புறம் கேள்விய திரும்பப் படிச்சா தப்பு என்னோடது. பதிலிப் போர்னு நானே முடிவ சொல்லிட்டு "விளக்குக"ன்னா அவங்க நடந்தத வரிசையா கொட்டத்தான செய்வாங்க.

அடுத்த வாரம் மாத்தினேன். "அங்கோலாவில் கியூபா சோவியத்தின் கைப்பாவையாகவே இயங்கியது. எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" இது கொஞ்சம் தேறும்னு நெனச்சேன். வந்தது என்னன்னா அரைப் பக்கம் ஆமா, அரைப் பக்கம் இல்ல, கடைசியில "ஆக இரண்டும் கலந்ததே உண்மை". சாம்பார் சாதம். ஒரு பேப்பர்ல கியூபாங்கிற பேர அடிச்சிட்டு வட கொரியான்னு மனசுக்குள்ள போட்டுப் படிச்சுப் பார்த்தேன், அப்பவும் பதில் சரியாத்தான் இருந்துச்சு! அப்போ புரிஞ்சுது, அங்கோலா தெரியாமயே எழுதக்கூடிய பதிலுக்கு நான் மார்க் குடுத்துட்டு இருக்கேன்னு. இன்னிக்கு வரைக்கும் இந்தப் பேர் மாத்தற சோதனைய விடல.

மூணாவது தடவை வேற மாதிரி யோசிச்சேன். நிகழ்ச்சிய ஞாபகம் வெச்சு எழுதுறதுக்குத்தான மார்க் போயிடுது, அப்போ நிகழ்ச்சிய நானே கேள்வித்தாள்ல குடுத்துட்டா என்ன? அஞ்சு தகவல் குடுத்தேன். தென்னாப்பிரிக்கப் படை அக்டோபர் 14, 1975ல நமீபியாவுல இருந்து அங்கோலாவுக்குள்ள வந்தது. அதுக்கு முன்னாடியே கியூபாவோட பயிற்சியாளர்கள் சில நூறு பேர் அங்க இருந்தது. நவம்பர் 4ல படை அனுப்ப கியூபா முடிவெடுத்து, 7ம் தேதி தன்னோட பழைய பிரிட்டானியா பயணிகள் விமானத்துல மொத ஆளுங்கள ஏத்தி அனுப்பினது. கியூப வீரர்கள ஏத்திட்டுப் போக சோவியத் விமானம் வந்தது 1976 ஜனவரியிலதான்ங்கிறது. கடைசியா, எம்பிஎல்ஏ கையில இருந்த ஆயுதம் பெரும்பாலும் சோவியத் சரக்குங்கிறது.

கேள்வி: "இவற்றுள் எது கைப்பாவை வாதத்தோடு அதிகம் முரண்படுகிறது? அந்த வாதத்தை ஏற்பவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? அந்தப் பதில் நிற்குமா?" தேதிய திருப்பி எழுதினா மார்க் கிடையாதுன்னு கீழ போட்டுட்டேன். பசங்க மொகத்த பாக்கணுமே, படிச்சதெல்லாம் வீணான்னு ஒருத்தன் கேட்டே கேட்டுட்டான்.

பதில் இந்தத் தடவை பிரிஞ்சு வந்துச்சு. ஒரு பொண்ணு நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு மாச இடைவெளிய புடிச்சுக்கிட்டா. மாஸ்கோ ஏவி விட்டிருந்தா விமானமும் கூடவே வந்திருக்கணும், அட்லாண்டிக்க தாண்ட பழைய பயணிகள் விமானத்த வெச்சு அல்லாட வேண்டிய அவசியம் என்ன, அந்த நேரம் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் அமெரிக்காவோட பதற்றத்தைக் குறைக்கிற பேச்சுல இருந்தாரு, அத கெடுத்துக்க அவருக்கு என்ன அவசரம்னு எழுதியிருந்தா. அப்போ அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த கிஸிஞ்சரே பிற்பாடு தன் நினைவுக் குறிப்புல, மாஸ்கோதான் தள்ளிவிட்டுச்சுன்னு அப்போ நெனச்சோம், ஆதாரம் நேர்மாறா இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு, அது அவளுக்குத் தெரியாது, தெரியாமயே அந்த இடத்துக்கு வந்துட்டா.

எதிர்ப்பக்கம் எழுதின பையனும் லேசுப்பட்டவன் இல்ல. "முடிவு ஹவானாவுல எடுத்திருக்கலாம் மேடம், ஆனா ராக்கெட் லாஞ்சர் யாரோடது? தலைநகர் லுவாண்டாவுக்கு வெளிய கிஃபாங்கோண்டோவுல எஃப்என்எல்ஏவ நிறுத்தினது அந்த சோவியத் ராக்கெட்தான, சரக்க நிறுத்தினா போர் நிக்கும்னா கயிறு யார் கையில இருக்கு?" அதோட பயிற்சியாளர்கள் முன்னாடியே வந்த தகவலையும் எடுத்து, தென்னாப்பிரிக்கா வந்ததாலதான் கியூபா வந்துச்சுங்கிற கதை முழுசா நிக்காதுன்னும் எழுதியிருந்தான். அவன் முடிவு எனக்கு ஒப்புதல் இல்ல, பயிற்சியாளர அனுப்புறதும் படைய அனுப்புறதும் ஒண்ணு இல்லன்னு ஓரத்துல எழுதினேன், ஆனா 15க்கு 11 போட்டேன். அவளுக்கு 12. ரெண்டு பேரும் பேப்பர மாத்திப் படிச்சிட்டு அரை மணி நேரம் சண்டை. அந்த சென்டர் நடத்துறவரு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாரு.

ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, முழுக்க தெரியாதவன் கூட குடுத்த தகவல வெச்சே ஓட்டிடலாம். அதனால ஒரு சின்ன பிரிவு சேர்த்தேன்: "பதிலிப் போர் என்ற சொல்லுக்கு அடங்காத ஒரு தகவலை நீங்களே கொண்டு வந்து, அது ஏன் அடங்கவில்லை என்று சொல்க." இங்கதான் படிச்சவன் தெரிவான். அங்கோலாவோட கபிண்டா பகுதியில அமெரிக்க கம்பெனி கல்ஃப் ஆயில் எடுத்த எண்ணெய்க்கு எம்பிஎல்ஏ அரசாங்கம் காசு வாங்கிச்சு, அந்த இடத்துக்குக் காவல் நின்னது கியூப வீரர்கள், இத ஒருத்தன் எழுதினான். இன்னொருத்தி, சோவியத்தே 1991ல கலைஞ்சுபோச்சு, கியூப வீரர்களும் அதே வருஷம் கிளம்பிட்டாங்க, அப்புறமும் யுனிடா தலைவர் சவிம்பி 2002ல சாகுற வரைக்கும் போர் ஏன் ஓடுச்சுன்னு கேட்டு, வைரமும் எண்ணெயும் வந்துட்டே இருந்தா வெளிய இருந்து படி அளக்கிறவன் போனாலும் துப்பாக்கிக்குக் காசு கெடைக்கும்னு எழுதியிருந்தா. ரெண்டும் நாலு வரிதான். சிலர் மட்டும் இங்கயும் 1988 ஒப்பந்தத்த ஒப்பிச்சு வெச்சிருந்தாங்க, அதுக்கு முட்டைதான் போட முடிஞ்சுது.

இந்த வாரம் எத்தியோப்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் நடந்த ஒகாடேன் போர போடறேன். 1977-78ல அதே கியூபா எத்தியோப்பியாவுக்குப் போச்சு, ஆனா அங்க சோவியத் விமானமும் சோவியத் தளபதிங்களும் மொதல்லருந்தே கூட இருந்தாங்க, எதிர்ல நின்ன சோமாலியா கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் சோவியத்தோட ஆளு. அங்கோலாவுல அந்தப் பொண்ணு சொன்ன வாதம் இங்க செல்லுமான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். அந்தப் பையன் இப்பவே சிரிச்சுட்டு இருக்கான்.