தப்பான விடைகளை வைத்து ஒரு வேலை

கோத்தகிரியில் 11 வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடம் தயாரிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தேன். ரெஸ்யூமில் வகுப்பு நிர்வாகம், நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று எழுதியிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று சோதனை வேலை கொடுத்தது: தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை வாங்கி எடை போடும் இடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு சிறு பாடம்.

நமக்குத் தெரியாத தேயிலையா? நீலகிரிக்குத் தேயிலை வந்த கதையில் தொடங்கி 24 ஸ்லைடு போட்டு அனுப்பினேன். சரிபார்த்த சார் ஒரே கேள்விதான் கேட்டார். "டீச்சர், இதைப் படிச்ச ஆள் நாளைக்குக் காலையில சாக்குக்கு முன்னாடி நின்னு என்ன செய்வார்?" பதில் இல்லை. போர்ஷனை முடித்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் தெரிந்த தொழிற்சாலை ஒன்றில் ஒரு காலை முழுக்க நின்றேன். அங்கிருந்த அண்ணனிடம் இலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, "புதுசா வர்றவங்க எங்கண்ணா தப்பு பண்றாங்க?" என்று மட்டும் கேட்டேன். மேலாக இருக்கும் கொழுந்தைப் பார்த்துவிட்டு முழுச் சாக்கையும் நல்ல இலை என்று எழுதிவிடுவார்களாம், அடியில் முற்றிய இலை கிடக்கும். மழை நாளில் ஈரத்துக்குக் கழிக்க மறந்துவிடுவார்கள். இன்னும் சிலர், விவசாயி சத்தம் போட்டால் அவர் சொன்ன எடையையே எழுதிவிடுவார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு ஆறாம் வகுப்பு விடைத்தாள்கள்தான் ஞாபகம் வந்தன. 1/2 + 1/3 எவ்வளவு என்றால் பாதி வகுப்பு 2/5 என்று எழுதும். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருப்பார்கள், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் தெரிந்ததால்தான் கொள்குறி வினாவில் 2/5 என்ற விடையை நான் கட்டாயம் வைப்பேன், சும்மா 7 என்று வைத்தால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

அதே வேலையை இங்கே செய்தேன். மழை பெய்கிறது, சாக்கின் மேலே நல்ல கொழுந்து, பின்னால் வரிசை நீள்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்? அண்ணன் சொன்ன மூன்று தப்பும் மூன்று விடைகள். நான்காவது, கையை அடிவரை விட்டு இலையை எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரத்துக்கும் கழித்து எழுதுவது. தப்பாகத் தொட்டால் 'தவறு' என்று காட்டாமல் அதனால் அடுத்து நடப்பதைக் காட்டினேன். 24 ஸ்லைடு 7 ஆனது. தேயிலையின் வரலாறு மொத்தமாகப் போனது, கொஞ்சம் வருத்தம்தான்.

ரெஸ்யூமில் இப்போது தேர்ச்சி விகிதம் இல்லை. "கற்பவர் எங்கே, ஏன் தவறுவார் என்று கண்டுபிடித்து அதிலிருந்து கேள்விகள் அமைப்பேன்" என்று எழுதி, இலைப் பாடத்தையும் இணைத்திருக்கிறேன். மென்பொருளை ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். இன்னும் பழகாதது, எதிரே முகம் இல்லாமல் சொல்லிக்கொடுப்பது. வகுப்பில் கடைசி பெஞ்சின் புருவத்தைப் பார்த்தே திரும்பச் சொல்வேன். இப்போது பாடத்தை அனுப்பும் முன் பக்கத்து வீட்டுத் தம்பியைச் செய்யச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எங்கே தயங்குகிறான் என்று குறித்துக்கொள்கிறேன்.