மார்ச் கடைசி வாரத்து முன்பதிவுகள்

கட்டுமான நிறுவனங்களின் தணிக்கையில் நான் முதலில் கேட்டு வாங்குவது மார்ச் கடைசி வாரத்தில் பதிவான முன்பதிவுகளின் பட்டியலைத்தான். பாதி கட்டி முடிந்த குடியிருப்பில் ஒரு வீடு விற்றதாகக் கணக்கு எழுதினால், வாங்குபவர் கொடுத்த முன்பணம் சிறிதாக இருந்தாலும், அதுவரை நடந்த வேலையின் விகிதத்துக்குரிய வருவாய் முழுவதும் அந்த ஒரே நாளில் லாப நட்டக் கணக்குக்குள் வந்துவிடும்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் குடியிருப்பு கட்டிவந்த ஒரு நிறுவனத்தில் இதை விரிவாகப் பார்க்க நேர்ந்தது. பெரிய நிறுவனங்களுக்கான இந்த் ஏஎஸ் என்னும் கணக்கியல் தரநிலைகள் பொருந்தாத நிறுவனம் அது. ஆகவே பட்டயக் கணக்காளர் கழகம் 2012-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பின்படி, வேலை நிறைவு விகிதத்தில் வருவாயைக் கணக்கிட்டு வந்தார்கள். அவ்வாண்டு மார்ச் இறுதியில் 60 சதவீத வேலை முடிந்திருந்தது. வீடு ஒன்றின் விலை ஜிஎஸ்டி நீங்கலாக 80 லட்சம் ரூபாய், மதிப்பிட்ட அடக்கச் செலவு 60 லட்சம். கடைசி வாரத்தில் 9 வீடுகள் விற்றதாகக் காட்டியிருந்தார்கள். வீட்டுக்கு 48 லட்சம் வருவாய், 12 லட்சம் லாபம் என்று வைத்தால், அந்த ஒரு வாரத்திலேயே 4.32 கோடி வருவாயும் 1.08 கோடி லாபமும் சேர்ந்திருந்தன.

ஒவ்வொரு வீட்டுக்கும் வந்ததாகக் காட்டப்பட்ட தொகை சரியாக 8 லட்சம், அதாவது விலையில் 10 சதவீதம். விற்பனை ஒப்பந்தத்தையோ சட்டப்படி செல்லத்தக்க வேறு ஆவணத்தையோ அடிப்படையாகக் கொண்டு, கணக்கு முடிக்கும் நாளில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் குறைந்தது 10 சதவீதத் தொகை கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பின் நிபந்தனைகளில் ஒன்று. மறுபுறம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரியல் எஸ்டேட் துறையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு. இரண்டு விதிகளும் சந்திக்கும் அதே கோட்டில் 9 வீடுகளும் வந்து நின்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அப்படி எடுத்துக்கொண்டு கடந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை.

ரசீதுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வங்கிக் கணக்கில் பணம் வந்த நாளை மட்டும் வைத்து 9 வீடுகளையும் மறுபடி வரிசைப்படுத்தினேன். 3 வீடுகளின் காசோலைகள் மார்ச் 30 தேதியிட்டவை. அவை ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் வங்கியில் போடப்பட்டிருந்தன. அதுவரை வங்கிச் சரிகட்டல் பட்டியலில் வசூலாக வேண்டியவையாகக் கிடந்தன. இன்னும் 2 வீடுகளுக்கான பணம் வாங்குபவர்களின் கணக்கிலிருந்து வரவில்லை, டைல்ஸ் பதிக்கும் ஒப்பந்ததாரரின் கணக்கிலிருந்து வந்திருந்தது. அவருக்கு நிறுவனமே இரண்டு நாள் முன்பு 16 லட்சம் வேலை முன்பணம் கொடுத்திருந்தது. நிறுவனத்தின் பணமே ஒரு சுற்றுச் சுற்றி வாடிக்கையாளர் முன்பணமாகத் திரும்பி வந்ததை விற்பனை என்று சொல்ல வழியில்லை. இந்த 5 வீடுகளையும் நீக்க நிர்வாகம் அதிகம் வாதாடாமல் ஒத்துக்கொண்டது.

மீதி 4 வீடுகளை வாங்கியவர்கள் உண்மையானவர்கள். பணம் அவர்களுடைய கணக்குகளிலிருந்து மார்ச் 31-க்குள் வந்திருந்தது. வீட்டுக் கடனுக்கும் விண்ணப்பித்திருந்தார்கள். கையெழுத்தாகியிருந்தது முன்பதிவுப் படிவம் மட்டுமே. அப்போதைய சென்னை வழக்கப்படியான மனைப்பங்குக் கிரயமும் கட்டுமான ஒப்பந்தமும் ஏப்ரல் கடைசியில்தான் பதிவாயின. "சார், ஒரு மாசம் முன்னே பின்னே, ஆளுங்க நிஜமாத்தானே வாங்கியிருக்காங்க?" என்று நிதி மேலாளர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எப்போது விலகினாலும் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று அச்சிட்டிருந்தது. மார்ச் 31 அன்று அந்த நால்வரில் எவரையும் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஆவணம் நிறுவனத்திடம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த 8 லட்சம் 5 சதவீத ஜிஎஸ்டி உட்பட வாங்கிய தொகை. வரியைக் கழித்தால் விலைக்கணக்கில் வந்தது ஏறத்தாழ 7.62 லட்சம்தான், 10 சதவீதத்தை அது எட்டவில்லை. வரி அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது, வருவாயின் பகுதி அல்ல என்பதால் இதில் வாதத்துக்கு இடமிருக்கவில்லை. முன்பதிவுப் பட்டியலில் ஜிஎஸ்டிக்குத் தனிப் பத்தி இல்லாத நிறுவனங்களில் இந்தப் பிழை எளிதில் கண்ணுக்குப் படாது.

4 வீடுகளின் வருவாயும் அந்த ஆண்டுக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. வரி போகப் பெற்ற தொகை வாடிக்கையாளர் முன்பணமாகப் பொறுப்புகள் பக்கத்தில் நின்றது, அவற்றுக்கான கட்டுமானச் செலவு நடப்புப் பணியிருப்புக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டுத் தணிக்கையில் அந்த நான்கையும் தேடிப் பார்த்தேன். மூன்று வீடுகளுக்குத் தவணைகள் ஒழுங்காக வந்திருந்தன, ஒன்று ஜூன் மாதத்தில் ரத்தாகி முழுத்தொகையும் திருப்பித் தரப்பட்டிருந்தது.